கால் மேசையில் உட்காராத தையல் மெஷின்

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் தையல் மெஷின் விற்க ஓர் ஏஜெண்டு வந்தான். எங்கள் வீட்டு முன்னறையில் அக்கம்பக்கத்துப் பெண்களை உட்காரவைத்து, கையால் சுற்றும் சின்ன மெஷினில் ஒரு ரவிக்கைக் கையைத் தைத்துக் காட்டினான். பிறகு என்னைச் சுற்றச் சொன்னான். சுற்றினேன். “இப்ப இத வாங்குங்க அக்கா. பின்னால மேசை மட்டும் வாங்கி, இதையே கால் மெஷினா மாத்திக்கலாம்” என்றான்.

அந்த ஒரு பேச்சில்தான் நான் விழுந்தேன். குழாயடியில் வழுக்கி விழுந்ததிலிருந்து என் வலது மணிக்கட்டு சரியில்லை. வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் என் கணவர் தையலே வேண்டாம் என்றுவிடுவார். காலால் மிதிக்கும் மெஷின் வந்துவிட்டால் கைக்கு வேலை குறையும். சிறியதை முதலில் வாங்க அவரை எப்படியோ சம்மதிக்க வைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆர்டர் எழுத வந்தவன் பேனாவை எடுக்கவில்லை. முதல் தடவை வந்திருந்த பெண்களையும் கூப்பிடச் சொன்னான். என் கணவரும் வீட்டில்தான் இருந்தார்.

“நான் அன்னிக்கு சொன்னது தப்பு. இது சின்ன அளவு மெஷின். கால் மேசையில மெஷினுக்குன்னு வெட்டியிருக்கிற இடத்துல இது உக்காராது. கடையில மெக்கானிக் சொல்லித்தான் எனக்கே தெரியும். மன்னிச்சிடுங்க. எல்லார் முன்னாலயும் சொன்னத எல்லார் முன்னாலயும்தான் திருப்பணும்.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. “தெரியாதத ஏன் சொன்னீங்க? வாயில வந்ததையெல்லாம் சொல்லி விக்கிறதா?” என்று பிடிபிடியென்று பிடித்தேன். அவனிடம் வாங்குவதாக இருந்த வேறு இரண்டு பெண்கள் மெல்ல எழுந்துகொண்டார்கள்.

அவன் தலைகுனிந்து நின்றான். “இல்லக்கா. அன்னிக்கு நீங்க சுத்தறப்ப கை வலியில பல்லக் கடிச்சீங்க. அதப் பாத்துட்டுத்தான் கால் மெஷினா மாத்திக்கலாம்னு சொல்லிட்டேன். நல்லா விசாரிச்சுட்டு சொல்லியிருக்கணும்.”

என் கணவர் என் கையைப் பார்த்தார்.

“எப்பலேருந்து?” என்று கேட்டார்.

நான் ஏஜெண்டை முறைத்தேன். “இத யார் கேட்டா உங்கள?”

“அதுக்கும் மன்னிச்சிடுங்க அக்கா” என்றான்.

அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை எனக்கு. தையல் கனவு அத்தோடு போயிற்று என்றே நினைத்தேன். என் கணவர் அவனிடம் திரும்பினார். “பெரிய அளவு, மேசையோட இருக்கா? அதக் கொண்டாந்து இங்க மாட்டிக் காட்டுங்க. மிதிச்சுப் பாத்துட்டு எழுதிக்கலாம்லா.”

பிறகு குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்கு அவரே போனார். பெண்கள் வரிசை கட்டி நிற்கும் இடம் அது. அவரும் வரிசையில் நின்றார்.