செக்ரோலில் ஏறாத ஆறு மாதம்

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். இன்று கஹவத்தைப் பக்கம் சொந்தத் தேயிலை ஃபெக்டரி வைத்திருக்கிறேன். ஐம்பது வருஷ அனுபவத்தில், ஒரு பிடி கொழுந்தை முகர்ந்தாலே எந்த மலையில் பறித்தது என்று சொல்வேன். ஆள் எடுப்பதிலும் அப்படித்தான். பேப்பரைப் பார்ப்பதில்லை, முகத்தைப் பார்ப்பேன்.

போன வருஷம், வந்து சேரும் கொழுந்தின் தரம் பார்த்துக் கணினியில் பதிய ஓர் உதவியாளர் தேவைப்பட்டது. விளம்பரத்தை நானே சொல்ல, எங்கள் கந்தோரின் யாழ்ப்பாணத்துக் கிளார்க் அம்மா தட்டினார். "ஆரம்ப நிலை வேலை. அனுபவம் அவசியமில்லை" என்று போடச் சொன்னேன். அனுபவக்காரன் வந்தால் சம்பளம் கூடக் கேட்பான். அந்தக் கணக்கெல்லாம் படித்தவர்களுக்கு வராது.

பக்கத்துத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்திலிருந்து ஒரு பிள்ளை வந்தது. பட்டதாரி. வேறொரு ஃபெக்டரியில் சம்பளமில்லாமல் மூன்று மாதம் பயிற்சி. மழை நாளில் கொழுந்தில் எவ்வளவு தண்ணீர் ஏறி வருகிறது என்று அளந்து ஒரு ஆய்வு. ஆனால், விண்ணப்பப் படிவத்தில் சம்பள வேலை என்ற இடத்தில் ஒன்றுமில்லை. சிவப்புப் பேனாவால் ஒரு கோடு இழுத்தேன்.

"அனுபவம் இல்லியேம்மா."

கிளார்க் அம்மா விளம்பரத்தை என் முன்னால் வைத்தார். "முதலாளி, அவசியமில்லை எண்டு போடச் சொன்னது நீங்கள்தானே? நாங்கள் கேட்டது நாலு விஷயம். கொழுந்துத் தரம் பிரிக்கிறது, பயிற்சியிலை செய்திருக்கிறா. கணினி அட்டவணை, ஆய்விலை இருக்கு. சிங்களம் கதைப்பா. பட்டம் இருக்கு."

"ஆய்வெல்லாம் கூட்டமா செய்யிறது. இந்தப் புள்ள என்னா செஞ்சிச்சோ!"

"நாலு பேரு செஞ்சோங்க ஐயா," என்றது அந்தப் பிள்ளை. "ஈரம் அளக்குற மெஷின சரிபார்த்தது வேற ஆளு. கொழுந்த நிறுத்து, அட்டவண போட்டது நானு. பயிற்சியில தினமும் தரம் பிரிச்சேங்க. அங்க தேயில தயாரிப்பப் பாக்குற பெரிய டீமேக்கரு கையெழுத்துப் போட்ட புத்தகம் இருக்குங்க."

புத்தகத்தைப் புரட்டினேன். கையெழுத்து சுத்தம். இருந்தாலும் விடவில்லை.

"சரி, ஆறு மாசம் சும்மா வந்து பழகு. பொறவு பாப்போம். நானும் அப்படித்தான். ஃபெக்டரியில ஆறு மாசம் கூலியில்லாம வாட்டல் தட்டுல கொழுந்து கிண்டுனேன். செக்ரோல்ல, அதான் சம்பளப் பதிவுல, பேரே ஏறல."

கிளார்க் அம்மா கண்ணாடியைக் கழற்றினார். "ஐம்பது வருஷ அனுபவம் எண்டு சொல்லுறியளே, அந்த ஆறு மாசத்தையும் சேர்த்தோ?"

"சேக்காம? தொழிலே அங்கதான் படிச்சேன்!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அந்தப் பிள்ளை தரையைப் பார்த்துச் சிரிப்பை அடக்கியது. கிளார்க் அம்மா புதுப் படிவம் ஒன்றை நீட்டினார். என் சிவப்புக் கோடு இல்லாதது.

திங்கட்கிழமையிலிருந்து சம்பள வேலை. முதல் நாளே செக்ரோலில் பெயர் ஏறியது. இப்போது ஈரக் கொழுந்துக்கு எவ்வளவு எடை கழிப்பது என்று கொழுந்து கொண்டுவருகிறவர்கள் அந்தப் பிள்ளையிடம்தான் கேட்கிறார்கள், என்னிடம் வருவதில்லை. ஆள் பொறுக்குவதில் என் கண் ஒருநாளும் தப்பியதில்லை.