நாயும் சேர்ந்தே கப்பலேறியது

கல்லூரி அலுவலகத்திலிருந்து ஆங்கிலத்தில் சுற்றறிக்கை வந்தால், நூலகத்து அக்கா அதைத் தனக்குத்தானே படிப்பதுபோலத் தமிழில் உரக்கப் படிப்பார். ஐந்தாம் வகுப்போடு நின்ற நான் யாரிடமும் போய்க் கேட்க வேண்டாமே என்றுதான். ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை.

அதே சட்டக் கல்லூரியில் அக்கா ஐம்பத்திரண்டு வயதில் டாக்டர் பட்டத்துக்கு ஆய்வேடு கொடுத்தார். ஒன்பது வருட உழைப்பு; கடைசியாக மிச்சமிருந்தது வாய்மொழித் தேர்வு. தேர்வு நடத்த வந்த பேராசிரியரைச் சட்டக்கடல் என்பார்கள். அந்தக் கடலுக்கு டீ கொடுக்கிற பாக்கியம் எனக்கு. நாலு பிஸ்கட் உள்ளே போனதும் கடல் பொங்கியது.

"நம்ம தண்டனைச் சட்டம் வெள்ளைக்காரங்க நாட்டுச் சட்டத்தோட நகல். என் புத்தகத்துல இருக்கு. சரிதானே?"

'அவர் சொன்னா சரின்னுடுங்க' என்று வழிகாட்டிப் பேராசிரியர் காலையிலேயே அக்காவிடம் கெஞ்சியிருந்தார். நான் மனசுக்குள் சாமியைக் கூப்பிட்டேன்.

"இல்லைங்க சார்," என்றார் அக்கா. "துணி பெரும்பாலும் அவங்களோடது. ஆனா சட்டையா தைச்சது அவங்க ஆண்ட நம்ம நாட்டுக்காக. 1860-ல இங்க தொகுத்துட்டாங்க. அவங்க நாட்டுல குற்றங்களுக்கு இன்னைக்கும் முழுசா ஒரே தொகுப்பு கிடையாது."

வழிகாட்டி மேசைக்கடியில் காலால் உதைத்தார். உதை பட்டது என் காலில்.

"அப்புறம் அதையே கடல் தாண்டி மத்த காலனிகளுக்கும் அனுப்பினாங்க. திருட்டுக்கு ஒரு உதாரணம் சார்: ஏ-ங்கிறவன் சட்டைப்பையில தீனி வச்சு, இசட்-ங்கிறவனோட நாயைத் தன் பின்னால வரவைக்கிறான். பல நாட்டுச் சட்டத்துல அதே தீனி, அதே நாய். நாயைக்கூட மாத்தலை. சுதந்திரம் வாங்கியும் அது இன்னும் பின்னாலேயே வருது."

பின்வரிசை மாணவர்கள் சிரித்தார்கள். கடலுக்குக் காது சிவந்தது.

"அப்போ என் புத்தகம் தப்பா?"

"புத்தகம் இல்லைங்க சார். நாற்பத்திரண்டாம் பக்கம் மட்டும்."

கடலும் வழிகாட்டியும் கதவைச் சாத்திக்கொண்டு அரைமணி நேரம் பேசினார்கள். கடவுள் கண்ணைத் திறந்தார், கடல் பாதிக் கண்ணைத் திறந்தார். பட்டம் உண்டு, ஆனால் ஆய்வேட்டில் அவர் புத்தகத்தின் பிழையைச் சொன்ன அடிக்குறிப்பை எடுத்தே ஆக வேண்டும். எடுத்துவிட்டதற்கு வழிகாட்டி கையெழுத்துப் போட்டால் போதும். வழிகாட்டி வாசிக்காமலே போடுவார் என்பது கல்லூரியில் பெருக்குகிற எனக்கே தெரியும்.

பட்டம் வந்தது. அடுத்த மாதமே வேறு ஊர்க் கல்லூரியில் விரிவுரையாளர் வேலையும் வந்தது. அக்காவின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போனேன். மனசு கேட்கவில்லை.

"அந்தக் குறிப்பை எடுத்துட்டீங்களாக்கா? அவ்வளவு உண்மையும் போச்சே."

ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து அக்கா சொன்னார்: "அடியில இருந்து எடுக்கத்தானே சொன்னாரு? எடுத்து மேல, முதல் பத்தியிலேயே வச்சுட்டேன் தங்கச்சி."