ஒரே தொடக்கமுள்ள இரண்டு பெயர்கள்

ஜெர்மனியின் கொலோன் நகரில் ஒரு மருந்து நிறுவனத்தில், புது மருந்துகளுக்கு வைக்கவிருக்கும் பெயர்களைச் சோதிப்பது என் வேலை. ஒரு பெயரைப் பல பேரைக்கொண்டு கிறுக்கி எழுதுவிப்போம், தொலைபேசியில் தாதிகளுக்குச் சொல்லிப் பார்ப்போம், சந்தையில் உள்ள பெயர்களோடு ஒப்பிடுவோம். மில்லிகிராமும் வேளையும்கூட ஒன்றாக இருந்தால் ஆபத்து இரட்டிப்பு. நாங்கள் கவனிக்காமல் விட்டதை ஐரோப்பிய அனுமதிக் குழு பிடித்துத் திருப்பி அனுப்பும். இவ்வளவு தெரிந்த எனக்கு என் அம்மாவைக் காப்பாற்றத் தெரியவில்லை.

அம்மாவுக்குக் காய்ச்சல் என்று வீட்டுக்கு வந்த டொக்டர், வழக்கமாகப் போட்டு முடிந்துபோயிருந்த பிரஷர் மாத்திரையையும் கையாலேயே எழுதிக் கொடுத்தார். மருந்துக்கடைப் பெண் கணினியில் முதல் மூன்று எழுத்தைத் தட்டினாள். வந்த பட்டியலில் அடுத்தடுத்து இரண்டு பெயர்கள். இரண்டும் ஐந்து மில்லிகிராம், இரண்டும் காலையில் ஒன்று. அவள் தெரிவு செய்தது சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை. அம்மாவுக்குச் சர்க்கரை வியாதியே இல்லை.

மூன்றாம் நாள் குசினியில் சமைத்துக்கொண்டு நின்றவர் சர்க்கரை இறங்கி மயங்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் நான் கத்தினேன்.

"பெட்டி வேற மாதிரி இருந்ததெல்லோ, பார்க்கேல்லையோ?"

"பார்த்தனான் பிள்ளை. காப்புறுதிக்காரர் திரும்பவும் கொம்பனியை மாத்திப்போட்டினமாக்கும் எண்டு நினைச்சன்."

காப்புறுதிக்காரர் மலிவான மருந்துக் கொம்பனிக்கு மாறும்போதெல்லாம் பெட்டியும் பெயரும் நிறமும் மாறும் நாடு இது. வேறாகத் தெரிந்தால் பயப்படாதே என்று அம்மாவைப் பழக்கி வைத்திருந்தது.

மருந்துக்கடைப் பெண் பூங்கொத்தோடு வந்து அழுதாள். எங்கள் ஆட்களின் பிள்ளை, இங்கே பிறந்தவள். "அக்கா, ஸ்கேனரும் சரியெண்டுதான் காட்டினது." உண்மைதான். தட்டிய பெயரும் எடுத்த பெட்டியும் ஒன்றா என்றுதான் அது பார்க்கும். டொக்டர் எழுதியதை அதற்கு எப்படித் தெரியும்? அவள்மேல் கோபப்பட இருந்த எனக்கு அவளைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

அடுத்த மாதம் அலுவலகத்தில், விற்பனைப் பிரிவுக்கு மிகவும் பிடித்த ஒரு பெயர் வந்தது. அதன் முதல் பாதி ஓர் இதய மருந்தின் பெயர்போலவே இருந்தது. "கடைசி எழுத்துகள் வேறுதானே" என்றார் தலைவர். பட்டியலில் கடைசி எழுத்தை யார் பார்க்கிறார்கள் என்று கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது. பெயரைக் கைவிட்டார்கள். எல்லாரும் பாராட்டினார்கள், எனக்குச் சந்தோஷமே வரவில்லை. அந்தப் பழைய இரண்டு பெயர்களும் இன்னும் அதே பட்டியலில் அடுத்தடுத்துத்தான் இருக்கின்றன.

அம்மா இப்போது நடைவண்டியைப் பிடித்துத்தான் நடக்கிறார். முன்பெல்லாம் காலையில் அழைத்தால் கோயில் புதினம், கலியாணப் புதினம் என்று ஊர்ச் செய்தி சொல்லி ஓயமாட்டார். இப்போது பெட்டியில் உள்ள பெயரை எழுத்தெழுத்தாக வாசிக்கிறார். "சரியே, பிள்ளை?" என்று கேட்கிறார். ஓம் என்று நான் சொன்னதும் தொலைபேசியை வைத்துவிடுகிறார்.