வர முடியலைன்னா எப்படிச் சொல்வீங்க?

என் நாத்தனார் எட்டு வருஷம் வீட்டில் இருந்துவிட்டு மறுபடி நர்ஸ் வேலையில் சேர்ந்தாள். ஆஸ்பத்திரியில் அவளுக்கு வழிகாட்டியாக ஒரு நர்ஸைப் போட்டார்கள். இவளைவிடப் பத்து வயது சின்னவள். முதல் சந்திப்புக்கு இவள் பயந்துகொண்டேதான் போனாள். மகனின் மூச்சிழுப்புக்காக லீவு கேட்டுத்தான் பழைய வேலை போனது.

வழிகாட்டி நோட்டைத் திறந்தாளாம். "மூணு மாசத்துல என்ன செய்ய வரணும்க்கா உங்களுக்கு?"

"தனியா ஒரு ஷிப்டைப் பாத்துக்கணும்."

"சரி. ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை, முக்கால் மணி நேரம். வர முடியலைன்னா எப்படிச் சொல்வீங்க?"

"செத்தாத்தான் வரமாட்டேன்."

"செத்தா மெசேஜ் போட முடியாதேக்கா! முந்தின நாளே சொல்லுங்க, வேற தேதியும் கேளுங்க. அவசரம்னா அப்பவே சொல்லுங்க. எனக்கும் இதே விதிதான். இங்க பேசறது மேட்ரனுக்குப் போகாது."

"என் வாயைக் கிளறத் தூண்டில் போடறா அண்ணி," என்றாள் நாத்தனார், வீட்டுக்கு வந்ததும் என்னிடம்.

இரண்டாம் சந்திப்பன்று காலை மகனுக்கு இழுப்பு. இவளோ பையை மாட்டிக்கொண்டு நின்றாள். "போகலைன்னா பேர் கெட்டுடும் அண்ணி."

"பிள்ளை மூச்சுக்குத் திணறுது, பேராம் பேரு! ஃபோனை எடு."

மூன்று முறை எழுதி எழுதி அழித்துவிட்டு, மெசேஜை அனுப்பினாள். டாக்டர் வீட்டில் ஒரு மணி நேரம் ஃபோனையே முறைத்தாள். பதில் வந்தது: "வியாழன் மூணு மணிக்கு வெச்சுக்கலாமாக்கா? பையன் எப்படி இருக்கான்?"

அதற்குப் பிறகும், "அவ என் மெசேஜைப் படிக்கறப்போ மேட்ரன் பக்கத்துல இருந்திருப்பாளோ?" என்றுதான் கேட்டாள்.