ஒற்றைக்கு வைத்த பணம்

ஊரை விட்டுக் கடல் கடந்து வந்து, பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குமாஸ்தாக்களுக்கான வரிசை வீடுகளில் ஒன்றில் நானும் இன்னொரு குமாஸ்தாவும் சேர்ந்து குடியிருந்தோம். அவனுக்கும் என் வயதுதான். கூட்ஸ் ஆபீசில் பக்கத்துப் பக்கத்து மேசை. என் மனைவியும் மூன்று வயது மகளும் ஊரில் இருந்தார்கள். அவர்களை நாகப்பட்டினத்தில் கப்பலேற்றி இங்கே வரவழைக்க, இந்த நாட்டு டாலரில் எழுபது வெள்ளி சேர்த்து வைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாங்கள் இருவரும் டவுனில் ஒரு சீனர் நடத்திய சூதாட்டக் கடைக்குப் போவோம். லைசென்ஸ் எடுத்து நடத்தும் கடை. அந்த நாளில் அது குற்றமில்லை. ஆட்டம் சுலபம். ஒரு குவியல் பித்தளைக் காசைக் கிண்ணத்தால் மூடி வைப்பார்கள். பணம் வைத்தானதும் கிண்ணத்தைத் தூக்கி, ஒரு குச்சியால் நான்கு நான்காகக் காசுகளைத் தள்ளுவார்கள். கடைசியில் மிஞ்சுவது ஒற்றையா இரட்டையா என்பதுதான் கேள்வி. ஜெயித்தால் வைத்த பணத்தோடு அதே அளவு இன்னொரு பங்கு கிடைக்கும். அதில் வெள்ளிக்குச் சில காசு கடைக்காரன் பிடித்துக்கொள்வான்.

நான் எப்போதும் ஒற்றையில்தான் வைப்பேன். முதலில் ஒரு வெள்ளி. தோற்றால் இரண்டு, பிறகு நான்கு, எட்டு. கடைக்காரன் பிடிப்பதைக் கணக்கில் சேர்க்காவிட்டால், எப்போது ஜெயித்தாலும் போனதெல்லாம் திரும்பி, மேலே ஒரு வெள்ளி நிற்கும். ஜெயித்ததும் மறுபடி ஒன்றிலிருந்து. நான் பெரிய கண்டுபிடிப்பாக நினைத்த ஏற்பாடு அது.

"எப்பவாவது ஒத்தை வந்துதானே ஆகணும்?" என்று அவனிடம் கேட்டேன்.

"வரும். அது வர்ற வரைக்கும் உன்கிட்ட பணம் இருக்குமா? அதான் கேள்வி" என்றான்.

அவன் வழி நேர் எதிர். பத்து வெள்ளி மட்டும் எடுத்து வருவான். ஒரு வெள்ளி வைப்பான். தோற்றால் மறுபடி அதே ஒரு வெள்ளி. ஜெயித்தால்தான் இரண்டு; அதிலும் ஜெயித்தால் நான்கு. மூன்று தடவை தொடர்ந்து ஜெயித்துவிட்டால் ஏழு வெள்ளியை மடித்து வைத்துவிட்டு ஒன்றுக்குத் திரும்புவான். நடுவில் எங்கே தோற்றாலும் அவன் கையிலிருந்து போவது ஒரே வெள்ளிதான். பெரும்பாலான வாரங்களில் சிறிது தோற்றுத்தான் வீடு திரும்பினான். நான் ஏழெட்டு வாரம் தோற்கவே இல்லை. எழுபது வெள்ளி தொண்ணூறு ஆகியிருந்தது. உள்ளுக்குள் அவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு வெளியே மழை. முதல் நான்கு தடவையும் இரட்டை. பதினைந்து வெள்ளி போயிற்று. பதினாறு வைத்தேன், இரட்டை. முப்பத்திரண்டு வைத்தேன், இரட்டை. ஆக அறுபத்து மூன்று வெள்ளி போய்விட்டது. அடுத்து வைக்க வேண்டியது அறுபத்து நான்கு. கையில் இருந்தது இருபத்தேழு. அது ஜெயித்தாலும் போனது திரும்பாது என்று தெரிந்தது. தெரிந்தும் எல்லாவற்றையும் ஒற்றையில் வைத்தேன். குச்சி நான்கு நான்காகத் தள்ளியது. மிஞ்சியது இரண்டு காசு.

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. குடையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். மழையில் நனைந்த பிறகுதான் குடையை விரிக்கவில்லை என்று தெரிந்தது.

சற்றுப் பொறுத்து அவன் வந்தான். அந்த இரட்டைகளில் கடைசி மூன்றில் பணம் வைத்து அவன் ஏழு வெள்ளி எடுத்திருந்தான். பக்கத்துக் கடையில் இருவருக்கும் கோப்பி சொன்னான்.

"நீ வெளிய வந்தப்புறம் என்ன வந்துச்சு தெரியுமா? ஒத்தை" என்றான்.

நான் குடையை மேசையோரம் சாய்த்து வைத்தேன்.

"ஆனா அதுக்கு நீ நூத்தி இருபத்தெட்டு வெள்ளி வச்சிருக்கணும்பா. முன்னாடி போனதோட சேர்த்தா இருநூத்தி அம்பத்தஞ்சு. எல்லாம் எதுக்கு? ஒரு வெள்ளி ஜெயிக்கிறதுக்கு."

"உன் வழியில பணம் பெருகுமா?"

"பெருகாது. கடைக்காரன் பிடிக்கிறது பிடிச்சுக்கிட்டேதான் இருப்பான். ஆனா நாளைக்குச் சோறு திங்கலாம்லா."

கோப்பி ஆறிப் போயிருந்தது. குடித்தேன். மறுநாள் வேலைக்குப் போனேன். சரக்கு ரசீதுகளை எழுதினேன். ஒரு எழுத்தும் தப்பாகவில்லை.

துறைமுகத்துக்கு வந்து அழைத்துப் போக எனக்கு லீவு கிடைக்கவில்லை என்று மனைவிக்குக் கடிதம் எழுதினேன். அடுத்த வருஷம் இன்னொரு காரணம் எழுதினேன். பணத்தை மறுபடி சேர்த்து முடிக்க மூன்று வருஷம் ஆயிற்று. இடையில் சர்க்கார் அந்தக் கடைகளை மூடிவிட்டது. எனக்கு அதில் சந்தோஷமோ வருத்தமோ இல்லை.

கிள்ளானுக்கு அப்பால் துறைமுகத்தில் அவர்கள் இறங்கியபோது மகளுக்கு ஆறு வயது. தாயின் சேலைக்குப் பின்னால் நின்றுகொண்டாள். நான் கையை நீட்டினேன்.

"யாரும்மா இவரு?" என்று கேட்டாள்.

மனைவி பதில் சொன்னாள். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலுக்கு நடந்தேன். ஏதாவது தோன்ற வேண்டும் என்று காத்திருந்தபடியே நடந்தேன்.