ஒரே புடவையில் இரண்டு நீலம்

ஐம்பத்திரண்டாம் வயதில், பேருந்து நடத்துநர் வேலையை விட்ட பிறகு, டிக்கெட் அக்கா தையல் மிஷின் முன் உட்கார்ந்தார். பழைய புடவைகளில் குஷன் உறை, திரைச்சீலை, மேசை விரிப்பு தைப்பது அவருடைய புதுத் தொழில்.

முதல் வேலையைக் கொடுத்தவர் நாத்தனார். பல வருடம் கட்டிய நீலப் பருத்திப் புடவையில் நான்கு குஷன் உறை வேண்டும். பிடித்திருந்தால் ஜன்னல் திரைகளுக்கும் புடவைகள் தருவதாகச் சொல்லியிருந்தார்.

தைத்த உறைகளைச் சோபாவில் வரிசையாக வைத்ததும் நாத்தனார் சிரித்துவிட்டார். மூன்று வெளுத்திருந்தன, ஒன்று மட்டும் கருநீலம்.

"என்ன அண்ணி, மூணு பேர் வெயில்ல நின்னாங்க, ஒருத்தர் மட்டும் குடை பிடிச்சாரா?"

அக்காவுக்கு முகம் சுண்டிப்போனது. நான்காவது உறையை, இடுப்பில் செருகும் முனையிலிருந்து வெட்டியிருந்தார். வெயில் படாத அந்தத் துணியில் நிறம் அப்படியே இருந்தது. தையலறையின் டியூப்லைட்டில் அவர் அதைக் கவனிக்கவில்லை.

"ஒரே புடவைதானேன்னு நெனச்சு வெட்டிட்டேன்மா."

"கட்டினவ எனக்கே தெரியலையே! இப்ப என்ன பண்றது?"

அக்கா யோசித்தார். "புடவையில மீதி இருக்கறது நைஞ்ச துணி, அதுல இன்னொரு உறை வராது. நாலையும் பிரிச்சுப் பட்டை பட்டையா வெட்டறேன். எல்லா உறையிலயும் நடுவுல ஒரு கருநீலப் பட்டை வரும். ஆனா தையலுக்குள்ள துணி போகும். உறை சின்னதாயிடும்."

"அதுக்கென்ன, குஷன்ல கொஞ்சம் பஞ்சைக் குறைச்சுக்கலாம். ஆனா திரைச்சீலைக்குப் புடவை தர்றேன்னா, என் வீட்டு முற்றத்துல, வெயில்ல விரிச்சுப் பார்த்துட்டுத்தான் கத்தரியை எடுக்கணும்."

ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா கத்தரியோடு அங்கே போகிறார்.