கத்தரிக்கோலால் வெட்டிய சிம்

வெள்ளவத்தையில் என் போன் திருத்தும் கடைக்கு அந்த அக்கா வந்தது ஒரு காலை பத்து மணிக்கு. பக்கத்து ஒழுங்கையில் ஒரு ஃப்ளாட்டில் சமைக்கிறவர். ஊர் ஹட்டன் பக்கத்துத் தோட்டம். கையில் ஒரு போனைப் பிடித்திருந்தார்.

"தம்பி, காலையிலருந்து சிம் இல்லன்னே காட்டுது. மகள பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில சேத்திருக்காங்க. மருமகன் கூப்பிடுவாரு."

அவருடைய பழைய பட்டன் போன் முந்தின நாள் தண்ணீருக்குள் விழுந்து செத்துவிட்டது. அவர் சமைக்கிற ஃப்ளாட்டின் வீட்டுக்காரர் தன்னுடைய பழைய போனைக் கொடுத்து, சிம்மையும் அவரே போட்டுக் கொடுத்திருக்கிறார். இரவு மகளோடு கதைக்கக்கூட முடிந்தது. விடிய எழும்பிப் பார்த்தால், இரவோடு இரவாக போன் தானாக அப்டேட் ஆகியிருந்தது. சிம்மும் இல்லை.

அப்டேட் என்ற சொல் என்னைப் பிழையான பக்கம் இழுத்துக்கொண்டு போனது. போனை அணைத்துப் போட்டேன். ஃப்ளைட் மோடை வைத்து எடுத்தேன். நெட்வொர்க் செட்டிங் எல்லாவற்றையும் ரீசெட் செய்தேன். இருபது நிமிடம் போய்விட்டது. அக்கா ஸ்டூலில் உட்காராமல் நின்றபடியே இருந்தார்.

பிறகுதான் ஊசியால் குத்தி சிம் ட்ரேயை வெளியே எடுத்தேன். ட்ரே லேசில் வரவில்லை. சிம்மின் பொன்நிறத் தகட்டில் மஞ்சள் அழுக்கு. சமையல் கைதான் என்று நினைத்து, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்துக் காயவிட்டுப் போட்டேன். அப்போதும் இல்லை. என்னுடைய சிம்மைப் போட்டுப் பார்த்தேன். உடனே சிக்னல் வந்தது. அவருடைய சிம்மை என் போனில் போட்டேன். அங்கேயும் சிம் இல்லை. போனிலும் குற்றமில்லை, அப்டேட்டிலும் குற்றமில்லை. சிம்தான் பழுது. இதை நான் முதலிலேயே செய்திருக்க வேண்டும்.

பூதக்கண்ணாடியில் பார்த்தால் விஷயம் தெளிவாகத் தெரிந்தது. பழைய பெரிய சிம்மைச் சின்ன ட்ரேக்கு ஏற்றபடி கத்தரிக்கோலால் வெட்டியிருக்கிறார்கள். வெட்டு தகட்டின் ஓரத்தையே தொட்டிருந்தது. பழைய அட்டை தடிப்பும் கூட. இறுகி வளைந்து, தகட்டுக்குக் குறுக்கே மயிர் போல ஒரு வெடிப்பு. அந்தக் காலத்தில் நானும் இப்படி எத்தனையோ அட்டை வெட்டிக் கொடுத்திருக்கிறேன்.

"அக்கா, இது இனிச் சரிவராது. கம்பனிக் கிளையில இதே நம்பருக்குப் புது சிம் தருவாங்கள். ஆர்ட பேரில எடுத்தது?"

அவர் முகம் மாறியது. "கொட்டாஞ்சேனை அம்மா பேருல."

அக்கா கொட்டாஞ்சேனையில் அந்த அம்மாவின் வீட்டில் பதினொரு வருடம் வேலை செய்தவர். மகள் கல்யாணத்துக்குப் பத்து நாள் லீவு கேட்டு, அம்மா மறுத்ததும் சொல்லாமல் போனவர் திரும்பவில்லை. மூன்று வருடமாக ஒரு பேச்சும் இல்லை. இப்போது அந்த அம்மா அடையாள அட்டையோடு நேரில் வந்தால்தான் சிம் கிடைக்கும்.

"என் போனில மகளுக்கு எடுங்கோ" என்றேன். நம்பர் தெரியாது என்றார். எல்லாம் சிம்முக்குள்தான் இருந்தது. அவருக்கு மனப்பாடமாக இருந்தது ஒரேயொரு நம்பர், கொட்டாஞ்சேனை வீட்டு லேண்ட்லைன். பதினொரு வருடம் அதை எடுத்து "ஹலோ" சொன்னது அவர்தான்.

நான் எடுத்துக் கொடுத்தேன். "அம்மா, நான்தான்" என்று சொல்லிவிட்டுப் போனை என்னிடமே நீட்டினார். போனை வாங்கி நானே விஷயத்தைச் சொன்னேன். "கடை எந்த ஒழுங்கையில?" என்று மட்டும் அந்த அம்மா கேட்டார்.

முக்கால் மணித்தியாலத்தில் த்ரீவீல் வந்து நின்றது. அம்மாவுக்கு எழுபது வயதிருக்கும், முழங்கால் வருத்தக்காரர். இறங்கவே கஷ்டப்பட்டார். அக்கா ஓடிப்போய்த் தோளைக் கொடுத்தார்.

"சொல்லிப்போட்டுப் போயிருக்கலாம்தானே" என்றார் அம்மா.

"நீங்க விட்டிருக்க மாட்டீங்கம்மா."

"ஓம். விட்டிருக்க மாட்டன்தான்." தோளைப் பிடித்தபடியே, "அது என்ட பிழை" என்றார்.

காலி வீதியில் இருந்த கிளைக்கு இருவரும் அதே த்ரீவீலில் போய்ப் புது சிம்மோடு திரும்பினார்கள். நான் ட்ரேயில் வைத்துத் தள்ளினேன். இந்தமுறை தடையில்லாமல் உள்ளே போனது. பத்து நிமிடம் போல் சிக்னல் இல்லை. புது சிம் வேலை செய்யக் கொஞ்சம் நேரம் எடுக்கும் என்று நான் மூன்றுதரம் சொல்லியிருப்பேன். பிறகு கோடுகள் எழும்பின. தவறிய அழைப்பு என்று மெசேஜ் மேல் மெசேஜ், எல்லாம் ஒரே நம்பரிலிருந்து. அந்த நம்பரை நானே அழுத்தி அக்காவிடம் கொடுத்தேன்.

மகள் சுகமாக இருந்தாள். விடியப்புறமே பெண் குழந்தை பிறந்திருக்கிறது. அம்மாவைக் காணோமே என்று அங்கே அவர்கள்தான் பயந்துபோய் இருந்திருக்கிறார்கள்.

கொட்டாஞ்சேனை அம்மா கையை நீட்டிப் போனை வாங்கினார். "பிள்ளை, உன்ட அம்மாவை நாளைக்கே அனுப்பச் சொல்லி அந்த வீட்டுக்காரரோட நான் கதைக்கிறன்" என்றார்.

அக்கா அப்போதுதான் ஸ்டூலில் உட்கார்ந்தார்.